பொருள்: மெர்ச்சண்டைசர் பணி – ஏற்பும் சில விளக்கங்களும்

மனிதவள மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மே 12 அன்று தாங்கள் அனுப்பிய பணி நியமனக் கடிதம் கிடைத்தது, மிக்க நன்றி. திருப்பூர் அலுவலகத்தில் சீனியர் மெர்ச்சண்டைசர் பணியை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறேன். 2025 ஜூன் 16, திங்கட்கிழமை காலை பணியில் சேர்ந்துவிடுவேன். இப்போதுள்ள நிறுவனத்தில் ஜூன் 13 என் கடைசி நாள். கையெழுத்திட்ட நகலை இணைத்துள்ளேன்.

சம்பளத்தில் ஒரு சின்னத் தெளிவு வேண்டும். ஆண்டுக்கு 6,60,000 ரூபாய் என்ற தொகைக்குள் நிறுவனம் செலுத்தும் பி.எஃப். பங்கும் அடக்கமா, அல்லது அது தனியா? கையில் வரும் மாதச் சம்பளத்தைக் கணக்கிட்டுக்கொள்ளவே கேட்கிறேன். நேர்காணலில் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை என்றீர்கள்; கடிதத்தில் அது இல்லை. ஒரு வரி சேர்த்துத் தந்தால் நல்லது.

அப்புறம், ரிலீவிங் லெட்டர் கைக்கு வர ஜூன் 20 ஆகலாம் என்கிறார்கள். அதுவரை ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட மின்னஞ்சலைக் காட்டினால் போதுமா?

இவற்றுக்கான பதில் வரும் வெள்ளிக்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும். சேரும் தேதியில் மாற்றமில்லை.

இப்படிக்கு,
கி. கவிதா
ஈரோடு, 14.05.2025