தடுப்பூசிப் பதிவேடு: வர வேண்டிய குழந்தைகள், தவறிய வருகைகள் – ஜூலை 2025

துணை சுகாதார நிலையம், விழுப்புரம் மாவட்டம்
உட்பட்ட பகுதிகள்: பெரிய தெரு, ஏரிக்கரைத் தெரு, காலனி, மேட்டுத்தெரு, அரிசி ஆலைக் குடியிருப்பு
முகாம் நாள்கள்: மாதத்தின் முதல் புதன் துணை சுகாதார நிலையத்தில், மூன்றாம் புதன் மேட்டுத்தெரு அங்கன்வாடியில்
பதிவு செய்பவர்: கிராம சுகாதார செவிலியர்

பதியும் முறை

இந்தப் பதிவேட்டில் பென்சிலால் எழுதியிருப்பது தவணை வர வேண்டிய நாள், நீல மையால் எழுதியிருப்பது தவணை போடப்பட்ட நாள், சிவப்பு வட்டம் அழைத்தும் வராத குழந்தை என்று கொள்ள வேண்டும். ஊசி குழந்தையின் உடலில் போடப்பட்ட பிறகோ, வேறு இடத்தில் போடப்பட்டதற்கான பதிவைத் தாய் சேய் நல அட்டையிலோ யு-வின் தளத்திலோ கண்ணால் பார்த்த பிறகோதான் பென்சில் எழுத்தை நீல மையாக்குகிறேன். "ஊரில் இல்லை" என்ற சொல்லோடு எந்தப் பதிவையும் முடிப்பதில்லை. எந்த ஊரில், யாருடன், எப்போது திரும்புவார்கள் என்பதும் அந்த வரியிலேயே இருக்க வேண்டும். தவணை எவ்வளவு தாமதமானாலும் முதலிலிருந்து தொடங்குவதில்லை, விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறோம். இதை அறியாமல், "நாள் தவறிவிட்டது, இனிப் போட்டும் பயனில்லை" என்று வராமல் இருந்துவிடும் தாய்மார்கள் ஒவ்வொரு தெருவிலும் இருப்பதால், வீட்டுப் பார்வையின்போது நான் முதலில் சொல்வது இதைத்தான்.

2025 ஜூலை 2, புதன் – துணை சுகாதார நிலைய முகாம்

தடுப்பூசிகள் காலை 8.50 மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தடுப்பூசிப் பெட்டியில் வந்து சேர்ந்தன. ஐஸ் பேக்குகளைக் குலுக்கியபோது உள்ளே நீர் அசையும் ஓசை கேட்டதால், பெண்டாவேலன்ட், டி.பி.டி., நிமோகாக்கல், ஐ.பி.வி. ஆகியவை உறைந்துபோகும் அளவுக்குக் குளிர்ச்சி இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். எல்லாக் குப்பிகளின் அடையாள வில்லையிலும் உள்ளிருக்கும் சதுரம் சுற்றியுள்ள வட்டத்தைவிட வெளுப்பாகவே இருந்தது. அட்ரீனலின் அடங்கிய அவசர மருந்துப் பெட்டி மேசை மேல் வைக்கப்பட்டது. அதன் காலாவதித் தேதி சரிபார்க்கப்பட்டது.

வ. எண் 14. ஆண் குழந்தை, தாய் மகேஸ்வரி, பெரிய தெரு. பிறப்பு 17.5.2025, அரசு மருத்துவமனை. பி.சி.ஜி., பிறப்புத் தவணைப் போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஹெபடைடிஸ் பி ஆகிய மூன்றும் மருத்துவமனையிலேயே போடப்பட்டுள்ளன. ஆறு வாரம் 28.6.2025 அன்று நிறைந்தது. இன்று போலியோ சொட்டு மருந்து, ரோட்டா, பெண்டாவேலன்ட், ஐ.பி.வி., நிமோகாக்கல் ஆகியவற்றின் முதல் தவணைகள் தரப்பட்டன. அரை மணி நேரம் இருக்கவைத்து அனுப்பினேன். அடுத்த தவணை 30.7.2025 முதல், அழைக்கும் நாள் 6.8.2025.

வ. எண் 9. பெண் குழந்தை, தாய் கலைச்செல்வி, காலனி. பிறப்பு 20.3.2025. முதல் தவணைகள் 7.5.2025 அன்று போடப்பட்டன. இரண்டாம் தவணைக்கு 4.6.2025 அன்று வரவில்லை. முதல் ஊசிக்குப் பிறகு இரவு முழுவதும் காய்ச்சலாக இருந்து குழந்தை அழுததால், இனி ஊசி வேண்டாம் என்று பாட்டி தடுத்துவிட்டார் என்பது 6.6.2025 வீட்டுப் பார்வையில் தெரிந்தது. காய்ச்சல் வரக்கூடும் என்று முன்பே தெளிவாகச் சொல்லப்பட்ட வீடுகளில் இந்த எதிர்ப்பு குறைவாகவே இருக்கிறது என்பதால், சொல்ல வேண்டிய நான்கு செய்திகளையும், அதாவது இன்று போட்டது என்ன, அடுத்து எப்போது வர வேண்டும், என்ன தொந்தரவு வரலாம், அட்டையைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்பவற்றை, தாயிடம் மட்டுமின்றி வீட்டில் முடிவெடுப்பவரிடமும் சொல்வது அவசியம் என்று கருதுகிறேன். 25.6.2025 அன்று அங்கன்வாடிப் பணியாளரோடு மீண்டும் சென்று பாட்டியிடம் பேசினேன்; கக்குவான் வந்து மூச்சடைத்த குழந்தையைத் தம் இளமையில் பார்த்திருப்பதாக அவரே சொன்னார். இன்று பாட்டியே குழந்தையைத் தூக்கி வந்தார். பெண்டாவேலன்ட், போலியோ, ரோட்டா இரண்டாம் தவணைகள் தரப்பட்டன. லேசான சளி இருந்தது. அது ஊசியைத் தள்ளிப்போடக் காரணமாகாது. நாளை மாலை தொலைபேசியில் விசாரிக்க வேண்டும். அடுத்து 6.8.2025, அன்று மூன்றாம் தவணைகளோடு ஐ.பி.வி., நிமோகாக்கல் இரண்டாம் தவணைகளும் உண்டு.

வ. எண் 3. ஆண் குழந்தை, தாய் அஞ்சலை, ஏரிக்கரைத் தெரு. பிறப்பு 8.9.2024. இடைநின்ற குழந்தை. முதல் தவணை 6.11.2024, இரண்டாம் தவணை 4.12.2024. டிசம்பர் இறுதியில் குடும்பம் திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைக்குப் போனதால் மூன்றாம் தவணை தவறியது. ஜூன் நடுவில் ஊர் திரும்பினர். சூளைக்கு வந்தவர்கள் ஒருமுறை சொட்டு மருந்து போட்டதாகத் தாய் சொல்கிறார். அட்டையிலும் யு-வின் தளத்திலும் பதிவில்லாததால் அதைத் தவணையாகக் கொள்ளவில்லை. கூடுதலாக ஒருமுறை சொட்டு மருந்து உட்கொள்வதால் தீங்கில்லை என்பதையும் அவருக்கு விளக்கினேன். ஒன்பது மாதமும் நிறைந்துவிட்டதால் இன்று மூன்றாம் தவணைப் பெண்டாவேலன்ட், போலியோ, ரோட்டா, இரண்டாம் தவணை ஐ.பி.வி., நிமோகாக்கல் ஆகியவற்றோடு, முதல் தவணை எம்.ஆர்., ஜே.இ., ஒரு மில்லி வைட்டமின் ஏ ஆகியவையும் தரப்பட்டன. ஒரே நாளில் இத்தனை ஊசியா என்று தந்தை தயங்கினார். வெவ்வேறு இடங்களில் ஒரே நாளில் போடுவது பாதுகாப்பானது என்பதையும், பிரித்துப் போட்டால் மீண்டும் வேலைக்கு இடம்பெயரும்போது ஒன்று விடுபடும் என்பதையும் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார். வலது மேல் கையில் போட்ட இரண்டு ஊசிகளுக்கும் இடையே ஓர் அங்குல இடைவெளி விடப்பட்டது. ஐ.பி.வி. மூன்றாம் தவணையும் நிமோகாக்கல் ஊக்கத் தவணையும் எட்டு வாரம் நிறைந்த பிறகு வரும் முகாம் நாளான 3.9.2025 அன்று.

இந்தக் குழந்தைக்கு எம்.ஆர். இரண்டாம் தவணையும் டி.பி.டி. ஊக்கத் தவணையும் 8.1.2026 முதல் போடலாம். அது சரியாக மீண்டும் சூளைக்குப் போகும் காலம். ஆகவே அட்டையின் இருபுறமும் படம் எடுத்துத் தந்தையின் கைபேசியில் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். சூளை மேஸ்திரியின் எண்ணைக் குடும்பப் பக்கத்தில் குறித்திருக்கிறேன். கார்த்திகை மாதத்திலேயே புறப்படும் நாளைக் கேட்டு, சூளை இருக்கும் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டும்.

வ. எண் 21. பெண் குழந்தை, அரிசி ஆலைக் குடியிருப்பு. பெற்றோர் பீகாரிலிருந்து மே மாதம் வந்தவர்கள். பிறப்பு 22.4.2024 என்று தாய் சொன்னார். அட்டை கையில் இல்லை, பிக்மி எண் இல்லை. ஆலை மேற்பார்வையாளர் இந்தியில் பேசி உதவினார். இடது மேல் கையில் பி.சி.ஜி. தழும்பு இருப்பதைப் பார்த்தேன். மற்றவற்றைப் பற்றித் தாய்க்கு உறுதியாகத் தெரியவில்லை. ஊரிலுள்ள மாமியார் அட்டையைப் படம் எடுத்து அனுப்புவதாகச் சொன்னது ஒரு வாரமாகியும் வரவில்லை. மருத்துவ அலுவலரிடம் தொலைபேசியில் கேட்டபோது, பதிவு கிடைக்கும்வரை போடப்படாததாகவே கொள்ளும்படி அறிவுறுத்தினார். ஒரு வயது கடந்ததால் பெண்டாவேலன்டுக்குப் பதில் டி.பி.டி. முதல் தவணை, போலியோ சொட்டு மருந்து, எம்.ஆர்., ஜே.இ. முதல் தவணைகள், வைட்டமின் ஏ ஆகியவை இன்று தரப்பட்டன. புதிய அட்டை எழுதிக் கொடுக்கப்பட்டது. படம் வந்தால் பழைய தவணைகளைச் சேர்த்துக் கணக்கைத் திருத்த வேண்டும். அடுத்து 6.8.2025.

குப்பிக் கணக்கு. எம்.ஆர். குப்பி 10.40 மணிக்குக் கரைக்கப்பட்டு, நேரம் அதன் மேல் எழுதப்பட்டது. இரண்டு குழந்தைகளுக்குப் பயன்பட்டது, முகாம் முடிந்ததும் ஒதுக்கப்பட்டது. குழந்தைகள் குறைவு என்பதற்காகக் குப்பியைத் திறக்காமல் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. திறந்த பெண்டாவேலன்ட், டி.பி.டி., நிமோகாக்கல் குப்பிகளில் திறந்த தேதியை எழுதித் திருப்பி அனுப்பினேன்.

வராதவர்கள் – 2025 ஜூலை 3, வீட்டுப் பார்வை

வ. எண் 6. ஆண் குழந்தை, தாய் சுமதி, மேட்டுத்தெரு. பிறப்பு 11.1.2024. பதினாறு மாத ஊக்கத் தவணைக்கு 4.6.2025, 2.7.2025 ஆகிய இரு முகாம்களுக்கும் வரவில்லை. தாய்க்கு ஊசியில் மறுப்பு எதுவும் இல்லை. புதன்கிழமைகளில் நூறு நாள் வேலைக்குப் போகிறார். வருகைப் பதிவுக்குப் பின் வெளியேறினால் அன்றைய கூலி போய்விடும் என்று அஞ்சுகிறார். கூலியை இழந்து வா என்று அவரிடம் சொல்வது நியாயமில்லை. ஆதலால் இன்று பணித்தளப் பொறுப்பாளரைச் சந்தித்துப் பேசினேன், 16.7.2025 அன்று உணவு இடைவேளையில் தாய்மார்களை அங்கன்வாடிக்கு அனுப்ப இசைந்தார். அன்று முகாம் மதியம் 2 மணி வரை நடக்கும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்துவிட்டேன். வர வேண்டியவை: டி.பி.டி. முதல் ஊக்கத் தவணை, போலியோ ஊக்கத் தவணை, எம்.ஆர்., ஜே.இ. இரண்டாம் தவணைகள், இரண்டு மில்லி வைட்டமின் ஏ. சிவப்பு வட்டம் தொடர்கிறது.

வ. எண் 11. பெண் குழந்தை, தாய் பிரியா, பெரிய தெரு. பிறப்பு 2.4.2025. தாய்வீடான திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். 14.5.2025, 11.6.2025 தவணைகள் அங்கேயே போடப்பட்டிருப்பதை அட்டையின் படத்திலும் யு-வின் தளத்திலும் பார்த்து நீல மையால் எழுதினேன். பதினான்காம் வாரத் தவணை 9.7.2025. ஆடி முடிந்துதான் திரும்புவார் என்பதால், அதையும் அங்கேயே போட்டுக்கொள்ளச் சொல்லி, அப்பகுதிச் செவிலியரிடமும் பேசியிருக்கிறேன். 10.7.2025 அன்று உறுதி செய்ய வேண்டும்.

வ. எண் 17. ஆண் குழந்தை, தாய் ரேவதி, பெரிய தெரு. தனியார் மருத்துவமனையில் போட்டுக்கொள்கிறார்கள். அங்குள்ள அட்டையைப் பார்த்துத் தேதிகள் படியெடுக்கப்பட்டன. தவறிய தவணை இல்லை.

2025 ஜூலை 16, மேட்டுத்தெரு அங்கன்வாடி – வர வேண்டியவர்கள்

வ. எண் 6, மேலே குறித்தபடி.

வ. எண் 2. பெண் குழந்தை, தாய் வள்ளி, மேட்டுத்தெரு. பிறப்பு 12.10.2024, ஒன்பது மாதம் 12.7.2025 அன்று நிறைகிறது. எம்.ஆர்., ஜே.இ. முதல் தவணைகள், நிமோகாக்கல் ஊக்கத் தவணை, ஐ.பி.வி. மூன்றாம் தவணை, வைட்டமின் ஏ. முந்தைய தவணைகள் அனைத்தும் உரிய நாளில் போடப்பட்டுள்ளன.

வ. எண் 16. ஆண் குழந்தை, தாய் தமிழரசி, காலனி. பிறப்பு 1.6.2025, எடை 2.1 கிலோ. எடை கூடிய பிறகு போடலாம் என்று உறவினர்கள் சொல்வதாகத் தாய் தெரிவித்தார். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, உடல்நிலை சீராக இருக்கிறது. தவணை வயதைப் பொறுத்ததே தவிர எடையைப் பொறுத்ததல்ல என்றும், எடை குறைந்த குழந்தைக்கே நோய்த்தொற்றின் ஆபத்து மிகுதி என்றும் விளக்கினேன். ஆறு வாரம் 13.7.2025 அன்று நிறைகிறது. 15.7.2025 மாலை அங்கன்வாடி உதவியாளர் நேரில் சென்று நினைவூட்டுவார்.

ஐந்து வயது நிறைந்த மூன்று குழந்தைகளுக்கு டி.பி.டி. இரண்டாம் ஊக்கத் தவணை. பள்ளியில் சேர்ந்துவிட்டதால் இவர்கள் அங்கன்வாடிப் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டுள்ளனர்; தலைமை ஆசிரியரிடம் பெயர்ப்பட்டியல் கொடுத்து, பெற்றோருடன் அனுப்பக் கேட்டிருக்கிறேன்.

பின்தொடர்தல் குறிப்பு, 2025 ஜூலை 3 மாலை

வ. எண் 9: லேசான காய்ச்சல், பாரசிட்டமால் கொடுக்கப்பட்டது, பால் குடிக்கிறது. வ. எண் 3: தொடையில் சிறிது வீக்கம், காய்ச்சல் இல்லை. வ. எண் 14, 21: தொந்தரவு எதுவும் இல்லை.

பகுதி சுகாதார செவிலியரின் பார்வைக்கு: வ. எண் 21 குடும்பத்தோடு ஆலைக்கு மேலும் இரண்டு குடும்பங்கள் வந்திருப்பதாக மேற்பார்வையாளர் சொன்னார். அவர்களிடம் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கிறார்களா என்று 7.7.2025 அன்று சென்று பார்த்து, இருந்தால் வ. எண் 22 முதல் பதிவேன்.

கையொப்பம்: கிராம சுகாதார செவிலியர், 3.7.2025