பவானி ஜமக்காளம்: சாம்பிள் படங்களும் எங்கள் தறியின் கதையும்

வணக்கமுங்க மேடம். என் பெயர் செல்வராஜ், பவானியில் ஜமக்காளம் நெய்கிறேன். கோவையில் உங்கள் கடைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் என் மச்சான்தான், நீங்கள் கைத்தறித் துணியில் பை, குஷன் கவர், ஜாக்கெட் எல்லாம் தைக்கிறீர்கள் என்று சொல்லி நம்பர் கொடுத்தார். ஏழு படம் அனுப்பியிருக்கிறேன். என் மகள் காலை வெயில் ஏறுவதற்குள் வாசலில் விரித்து எடுத்தது, நிறத்தைக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. கடையில் கையில் எடுக்கும்போது படத்தில் பார்த்த அதே சிவப்பு இருக்க வேண்டும் என்பதற்காக, மழை மூட்டமாக இருந்த நாளில் எடுத்த படங்களை எல்லாம் அழிக்கச் சொல்லிவிட்டேன்.

முதல் படம் சாதாரண பருத்தி ஜமக்காளம், நாலடிக்கு ஆறடி. அரக்கு, கிளிப்பச்சை, மயில் நீலம், நடுவில் கறுப்புக் கோடு. நம் பக்கத்துக் கல்யாணங்களிலும் சீர் வைக்கும் இடங்களிலும் நீங்கள் உட்கார்ந்திருப்பது இதன் மேல்தான். இரண்டாவது படத்தில் அதையே கிட்டத்தில் எடுத்திருக்கிறோம், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்திருப்பது நூலின் தடிமன் தெரிவதற்காக. இந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாவு நூல் எங்கேயும் தெரியாது. ஊடை நூல் தடியாக இருப்பதாலும், ஒவ்வொரு இழைக்கும் பலகையை இழுத்து அடிப்பதாலும் அது பாவை முழுக்க மூடிக்கொள்கிறது. பாவு நிறம் தெரிய வேண்டுமென்றால் ஓரத்துக் குஞ்சத்தில்தான் பார்க்கலாம், அது மூன்றாவது படம்.

டிசைன் போடுகிறவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது, ஆனால் யாரும் கேட்பதில்லை. பட்டையின் நிறம் எல்லாம் ஊடையில் வருவதால், ஒரே பாவில் ஒரு ஜமக்காளத்தை மஞ்சளிலும் அடுத்ததைக் கத்திரிப்பூவிலும் நெய்யலாம். எந்த நிறத் தார் வேண்டுமோ அதை நாடாவில் போட்டால் போதும். பட்டை ஒரு விரல் அகலமா ஒரு சாண் அகலமா, எது எதற்கு அடுத்து வர வேண்டும் என்று நீங்கள் ஒரு தாளில் கலர் பென்சிலால் கோடு போட்டு அனுப்பினாலே நான் நெய்துவிடுவேன். துணியின் அகலத்தை மாற்றுவதுதான் கஷ்டம். அதற்குப் பாவை இறக்கி, வேறு அச்சுக்கு மறுபடி இழை இழையாகக் கோர்க்க வேண்டும், அதில் நாட்கள் போய்விடும். அதனால் நிறத்தில் எத்தனை வேண்டுமானாலும் கேளுங்கள், அகலத்தை மட்டும் முதலிலேயே முடிவு பண்ணிக் கொடுத்துவிடுங்கள். வளைந்த கொடி, பூ, மயில் மாதிரி உருவங்கள் இந்தத் தடி நூலில் வராது. அதற்குத்தான் செயற்கைப் பட்டு நூல் போட்ட ஜமக்காளம், நாலாவது படம். அதில் கரையில் பூ வேலை செய்யலாம், விலையும் கூடும்.

ஐந்தாவது படத்தில் தறியில் இருப்பது நானும் என் வீட்டுக்காரியும். குழித்தறி, அகலமான துணிக்கு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். நான் நாடாவைத் தள்ளினால் அந்தப் பக்கம் அவள் வாங்கித் திருப்பி அனுப்புவாள், அப்புறம் இருவரும் சேர்ந்து பலகையை இழுத்து அடிப்போம். ஒருவர் கை தளர்ந்தாலும் அந்தப் பக்கம் பட்டை வளைந்துவிடும். ஆறாவது படத்தில் பச்சைப் பட்டை இடது ஓரத்தில் கொஞ்சம் இறங்கியிருப்பதைப் பாருங்கள், அன்று அவளுக்குக் காய்ச்சல். விற்கும் சரக்கில் இந்த அளவு வளைவு வராமல் பார்த்துக்கொள்கிறோம், ஆனால் கையால் அடிக்கும் துணியில் ஒரு நூல் கனம் முன்னே பின்னே இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தப் படத்தையும் சேர்த்தேன்.

கதை கேட்டால் உங்கள் வாடிக்கையாளர்களுக்கு இதைச் சொல்லுங்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து மில் துணி வந்து இறங்கியபோது, மெல்லிய துணியில் அதோடு போட்டி போட முடியாமல், பவானியில் ஜங்கமர் என்ற நெசவாளர்கள் தடித்த சாய நூலில் விரிப்பு நெய்ய ஆரம்பித்தார்கள். காவிரியும் பவானியும் கூடுகிற இந்த ஊரின் பெயரோடு அது ஒட்டிக்கொண்டது. 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1985ஆம் வருடச் சட்டத்தில் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கிய பொருட்களில் ஜமக்காளமும் உண்டு. அப்படி இருந்தும் விசைத்தறியில் ஓட்டி, பவானி ஜமக்காளம் என்று பெயர் போட்டு விற்கிறார்கள்.

அதில் எனக்கே ஒரு அனுபவம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு கடைக்காரர் பத்து டிசைன் சாம்பிள் இலவசமாக வாங்கிப்போனார், ஆர்டர் வரவில்லை. ஆறு மாதம் கழித்து உறவுக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் என்னுடைய பட்டை வரிசையையே விசைத்தறித் துணியில் பார்த்தேன். தூக்கிப் பார்த்தால் காற்று மாதிரி இருந்தது. அன்றிலிருந்து சாம்பிளுக்குக் காசு வாங்குகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். ஒரு அடிக்கு ஒரு அடி துண்டு நான்கு நிறத்தில், கூரியர் சேர்த்து 600 ரூபாய். ஆர்டர் கொடுத்தால் அதைப் பில்லில் கழித்துவிடுவேன்.

விலை: பருத்தியில் நாலுக்கு ஆறு 1,450 ரூபாய், இரண்டடி அகலத் துணி பை, குஷனுக்கு மீட்டர் 520 ரூபாய். ஒரு நிறத்தில் குறைந்தது 5 கிலோ நூலாவது இருந்தால்தான் சாயப்பட்டறையில் முக்குவார்கள், அதனால் புது நிறம் கேட்டால் அந்த நூலுக்கு மட்டும் முன்பணம் வேண்டும். என்னிடம் இருக்கும் பதினோரு நிறத்துக்கு அது தேவையில்லை. வாட் சாயம்தான் போடுகிறோம். ஏழாவது படத்தில் ஈர வெள்ளைத் துணியை அரக்குப் பட்டையில் தேய்த்துக் காட்டியிருக்கிறேன், துணி வெள்ளையாகவே இருப்பது தெரியும். ஆனாலும் முதல் சலவையைத் தனியாகப் போடச் சொல்லுங்கள்.

பன்னிரண்டு ஜமக்காளத்துக்கு மூன்று வாரம் ஆகும். ஐப்பசி மழையில் குழியில் ஈரம் ஏறி பாவு தளர்ந்துவிடும், அப்போது ஐந்து வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குக் கடையில் இருக்க வேண்டுமென்றால் ஆடிக்குள் சொல்லிவிட்டால் நல்லது.

துணி கனமானது, சாதாரண தையல் மிஷினில் இரண்டு மடிப்புக்கு மேல் ஊசி உடையும், உங்கள் டெய்லரிடம் சொல்லி வையுங்கள். வெட்டிய உடனே ஓரத்தை ஓவர்லாக் அடித்துவிட வேண்டும், இல்லையென்றால் ஊடை உருவிக்கொண்டு வந்துவிடும். ஜாக்கெட்டுக்கு இந்தத் துணி சரிப்படாது என்பது என் கருத்து, தோளில் மடங்காது. பை, பெஞ்சு விரிப்பு, தரைக் குஷன் இதற்கெல்லாம் நன்றாக இருக்கும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். தைத்த பொருளில் தொங்கவிடும் அட்டையில் 'பவானியில் கைத்தறியில் நெய்தது' என்று போட்டுவிடுங்கள். என் பெயர் வேண்டாம், ஊர் பெயர் போதும்.

சாம்பிள் வேண்டுமென்றால் எந்த நான்கு நிறம், எந்த விலாசம் என்று இதே நம்பருக்கு அனுப்புங்கள், இரண்டு நாளில் கூரியரில் போட்டுவிடுகிறேன். தறியில் உட்கார்ந்திருக்கும்போது போன் எடுக்க முடியாது, மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரைக்கும், சாயங்காலம் ஆறுக்கு மேலும் பேசலாம். ஒரு நாள் பவானிப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாங்க, தறியில் உட்கார்ந்து நாலு இழை போட்டுப் பாருங்கள், அப்புறம் டிசைன் பேசலாம்.

செல்வராஜ், பவானி