பீரோவில் இருந்ததை எல்லாம் படித்து முடித்துவிட்டார்கள்

நம்ம ஊர் நடுநிலைப் பள்ளியில் படித்து, இன்று திருப்பூரிலும் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சிகளுக்கு, பள்ளி மேலாண்மைக் குழு எழுதுவது. வணக்கம்.

தலைமையாசிரியர் அறையில் நின்ற பச்சை பீரோவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உள்ளே புத்தகம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், வெளியே எடுத்துப் பார்த்தவர்கள்தான் குறைவு. ஆய்வுக்கு ஆள் வந்தால் திறக்கும், போனால் பூட்டு. தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம்தான் காரணம், வேறு கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதிய எஸ். ஆர். ரங்கநாதன் நம்ம சீர்காழிக்காரர். புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது அவருடைய முதல் விதி. அந்த நூல் வந்த 1931-லேயே, மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுபோனார்கள். நாம் அந்தப் பூட்டை எடுத்தது போன வருஷம்தான்.

எடுத்த பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பீரோவில் இருந்தவை 312 புத்தகங்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் திறப்பது, இரவல் நோட்டை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே எழுதுவது என்று ஏற்பாடு. பெயர், வகுப்பு, புத்தகம், தேதி என்று டீச்சர் கோடு போட்டுக் கொடுத்த நோட்டில், ஒரு பிள்ளை தானாகவே இன்னொரு கோடு இழுத்து ‘எப்படி இருந்துச்சு’ என்று தலைப்புப் போட்டிருக்கிறாள். அந்தப் பத்தியைப் படிக்கவே மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு இப்போது ஆள் கூடுதலாக வருகிறது.

“பாதிதான் புரிஞ்சது. திரும்ப எடுப்பேன்.”
“ராஜா கதை. ராஜாவுக்கு ஒண்ணும் தெரியல.”
“அம்மாவுக்கு வாசிச்சேன். அம்மா தூங்கிட்டாங்க. நான் தூங்கல.”
“கடைசி பக்கம் இல்ல.”

இந்தக் கடைசிப் புகார் ஒரே புத்தகத்துக்கு மூன்று முறை வந்திருக்கிறது. கரையான் தின்ற பக்கங்கள் அவை. மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு முடிவு எழுதி, சோற்றுப்பருக்கையால் பின்னட்டையில் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு முடிவில் திருடன் பிடிபடுகிறான், இன்னொன்றில் தப்பிக்கிறான். மூன்றாவதில் திருடனே போலீஸ் ஆகிவிடுகிறான். அந்தப் புத்தகத்துக்கு இப்போது வரிசையில் காத்திருக்கிறார்கள்.

பெரியவர்களையும் விட்டுவைக்கவில்லை. மோட்டார் ரிப்பேர் பார்க்கிற ஒரு தகப்பனார், மகள் பெயரில் மின்சாரம் பற்றிய புத்தகத்தை எடுத்து, மூன்று மாதமாகத் திருப்பித் தரவில்லை. நோட்டில் மகளின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறது. அவரும் இந்தக் குழுவில் இருப்பதால் இதற்கு மேல் எழுதவில்லை.

எட்டாம் வகுப்பில் நான்கு பேர் பீரோவையே முடித்துவிட்டார்கள். “அடுத்தது என்ன சார்?” என்று கேட்கிறார்கள். எங்களிடம் பதில் இல்லை. பள்ளிக்கல்வித் துறை அனுப்பும் சிறார் இதழ்கள் வந்த அன்றைக்கே கை மாறிக் கை மாறி நைந்துவிடுகின்றன. பொது நூலகம் விளாத்திகுளத்தில் இருக்கிறது. நாலு மணிக்குப் பள்ளி விட்டு, பஸ் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் இருட்டிவிடும்.

இந்தக் கடிதத்தில் பிள்ளைகளின் போட்டோ ஒன்றுகூட இல்லை. முதலில் அச்சடிக்கக் கொடுத்த இடத்தில், “நாலு பிள்ளைங்க படம் போடுங்க, கொஞ்சம் பாவமா இருந்தா காசு சீக்கிரம் வரும்” என்று யோசனை சொன்னார்கள். வேண்டாம் என்று விட்டோம். நம்ம பிள்ளைகள் பாவப்பட்டவர்கள் இல்லை. மானாவாரிக் காட்டில் மிளகாயும் உளுந்தும் போட்டு, மழை ஏமாற்றினால் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற வீடுகளில் இருந்து வருகிறார்கள், அது உண்மை. நீங்களும் அந்த வீடுகளில் இருந்துதான் போனீர்கள். உங்கள் படத்தைப் போட்டு யாராவது காசு கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தாலே போதும்.

இனி கணக்கு. மேற்குப் பக்கத்து வகுப்பறை காலியாக இருக்கிறது, ஓடு மாற்றியாயிற்று. அதை நூலக அறையாக்க ஆகும் செலவு 2,18,000 ரூபாய். ஆயிரம் புத்தகங்களுக்கு 90,000. கதவில்லாத இரும்பு அலமாரி ஆறுக்கு 54,000. மரத்தில் செய்தால் மலிவு, ஆனால் நம்ம கரிசலில் கரையான் மரத்தையும் புத்தகத்தையும் சேர்த்தே தின்னும். தரையில் உட்கார்ந்து படிக்கக் குட்டை மேசையும் பாயும் 18,000, விளக்கும் மின்விசிறியும் 14,000, பதிவேடும் ஒட்டுக் காகிதமும் கிழிந்ததைத் தைக்கிற சாமானும் 6,000. மிச்சம் 36,000 ரூபாயை அடுத்த மூன்று வருஷமும் புதுப் புத்தகம் வாங்கத் தனியாக வைக்கிறோம். இதைக் குறைக்கச் சொல்லி ஓரிருவர் கேட்டார்கள். குறைக்க மாட்டோம். புதுப் புத்தகம் வராவிட்டால் இந்த அறையையும் இரண்டே வருஷத்தில் முடித்துவிட்டு வந்து நிற்பார்கள்.

ஊரில் இதுவரை சேர்ந்தது 41,000. மகளிர் குழு 15,000 கொடுத்தார்கள், மற்றதெல்லாம் வத்தல் விற்ற கையோடு நூறும் ஐந்நூறுமாக வந்தது. வெள்ளையடிக்கிற வேலையை இளைஞர்கள் கூலி இல்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் வேண்டியது 1,77,000.

அலமாரி ஒன்றுக்கு 9,000 ஆகிறது. ஒரு வகுப்பில் சேர்ந்து படித்தவர்கள் கூடி ஓர் அலமாரியை எடுத்துக்கொள்ளலாம். 90 ரூபாய் என்றால் ஒரு புத்தகம், அதற்கும் ரசீது உண்டு. இப்போது முடியாதவர்கள் சங்கடப்பட வேண்டாம், ஊருக்கு வரும்போது ஒரு மதியம் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசித்தால் அதுவும் பெரிய காரியம்.

பழைய புத்தகம் அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எதைக் கொடுப்பீர்களோ அதை அனுப்புங்கள். பழைய கைடு, எழுதின டைரி, வார ராசிபலன் எல்லாம் முன்பு ஒரு மூட்டை வந்தது, எடைக்குப் போட்டோம். பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதை எழுதியே கொடுத்திருக்கிறார்கள்: பேய்க்கதை, கபடி விதிகள், விண்வெளி, பாம்பு (படத்தோடு), கிணறு தோண்டுவது எப்படி, “பெரிய எழுத்தில் பாட்டிக்கு ஒண்ணு”. மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்கு எட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், அவர்கள் கையாலேயே எடுக்க வைக்கப் போகிறோம்.

கொடுத்தவர் பெயரைச் சுவரில் எழுத மாட்டோம். நன்றி சொல்லப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தவும் மாட்டோம். வரவு செலவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பள்ளி அறிவிப்புப் பலகையிலும் ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் வரும். கூடவே இரவல் நோட்டின் ‘எப்படி இருந்துச்சு’ பத்தியில் இருந்து கொஞ்சம், பெயர் இல்லாமல்.

தனி ஆள் கணக்குக்கு யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கு விவரமும் கியூஆர் அட்டையும் இந்தக் கடிதத்தின் பின்பக்கம் அச்சாகி இருக்கின்றன. அனுப்பியதும் பெயரையும் எட்டாம் வகுப்பு முடித்த வருஷத்தையும் பள்ளிக்கு எழுதித் தெரிவியுங்கள், ரசீது வீட்டுக்கே வரும். மார்கழி முடிவதற்குள் பணம் சேர்ந்தால் பொங்கல் லீவில் அலமாரியை மாட்டிவிடலாம். அப்போது ஊரில் இருப்பவர்கள் புத்தகத்துக்கு எண் ஒட்ட வாருங்கள், ஆள் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவும் ஆசிரியர்களும்