அம்மாவின் மே மாத கரண்ட் பில்: காணொளி வசனம் (சுமார் 4 நிமிடம்)

[காட்சி: சிங்கப்பூர், உட்லண்ட்ஸ் நாலறை வீடு. சாப்பாட்டு மேசை. காப்பிக் குவளையின் அடியில் மடித்து வைத்த பில்.]

குரல்: "போன மாசம் நூறு வெள்ளி, இந்த மாசம் நூத்து இருபத்தஞ்சு. எல்லாம் உன் ஏர்ஃபிரையர் பண்ற வேலை." ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். ஏர்ஃபிரையர் வாங்கிக் கொடுத்தது நான்தான். சரி, பில்லையே விசாரிப்போம் என்று உட்கார்ந்தோம்.

[திரையில்: வரைந்த பில்லின் முதல் பக்கம். மொத்தத் தொகையைச் சிவப்பு வட்டம் சுற்றுகிறது. உடனே சாம்பல் நிறமாக மங்குகிறது.]

குரல்: எல்லார் கண்ணும் முதலில் போவது இந்தத் தொகைக்குத்தான். இதை இப்போதைக்கு விடுங்கள். எஸ்பி அனுப்பும் பில்லில் மின்சாரம் மட்டும் இல்லை. தண்ணீர், குப்பை அகற்றல், குழாய் எரிவாயு இருந்தால் அதுவும் சேர்ந்து வரும். அரசாங்கத்தின் யூ-சேவ் கட்டணக் கழிவு கிடைக்கும் மாதத்தில் தொகை திடீரென்று இறங்கிவிடும்; அதற்காக நீங்கள் சிக்கனமாக இருந்ததாக அர்த்தம் இல்லை. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் தகுதியுள்ள வீவக வீடுகளுக்கு அது வரவு வைக்கப்படும். கணக்கு குழம்பாமல் இருக்க, இந்த உதாரணத்தில் யூ-சேவை ஒதுக்கிவிட்டு மின்சாரத்தை மட்டும் பார்க்கிறேன்.

[திரையில்: மின்சார வரி பெரிதாகிறது. 408 kWh மஞ்சளில் ஒளிர்கிறது.]

குரல்: பார்க்க வேண்டியது இந்த எண். இந்த மாத மீட்டர் அளவிலிருந்து போன மாத அளவைக் கழித்தால் வருவது இதுதான். kWh என்பதை நாம் யூனிட் என்கிறோம். 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பக்கத்தில் இருப்பது ஒரு யூனிட்டின் விலை. எஸ்பி விலையில் வாங்கினால் அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். எரிசக்திச் சந்தை ஆணையம் அதைச் சரிபார்க்கிறது. நம்முடைய மின்சாரம் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் உற்பத்தியாவதால், எரிவாயு ஏறினால் இதுவும் ஏறும். வேறு நிறுவனத்திடம் ஒப்பந்தம் போட்டவர்களுக்கு அந்த ஒப்பந்த விலை. கணக்குப் போட வசதியாக 28 காசு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பில்லில் இருக்கும் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

[திரையில் ஒவ்வொரு வரியாக:]

```
45,618 − 45,210 = 408 kWh
408 × $0.28 = $114.24
GST 9%      =  $10.28
மொத்தம்      = $124.52
```

குரல்: கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் ஏப்ரலில் மட்டும் ஏன் 330 யூனிட்?

[திரையில்: ஏப்ரல் பில். மீட்டர் அளவுக்குப் பக்கத்தில் உள்ள சிறிய குறிப்பின் மேல் பூதக்கண்ணாடி நகர்கிறது.]

குரல்: இங்கேதான் விஷயம் இருக்கிறது. மதிப்பீடு என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. பழைய மீட்டர் உள்ள வீடுகளில் ஆள் வந்து பார்ப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நடுவில் வரும் பில் முந்தைய பயன்பாட்டை வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கு. ஏப்ரலில் குறைவாகப் போட்டதை மே மாதப் பில் ஈடுகட்டியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தால்தான் உண்மை தெரியும்.

```
330 + 408 = 738 kWh
738 ÷ 61 நாள் = 12.1 kWh (ஒரு நாளுக்கு)
```

குரல்: ஒரு நாளுக்கு 12 யூனிட். அம்மா வீட்டுக்கு இது வழக்கமான அளவுதான். ஸ்மார்ட் மீட்டர் வந்துவிட்டால் அளவு தானாகவே போய்விடும், இந்த உத்தேசத் தலைவலி இருக்காது.

[காட்சி: ஏர்ஃபிரையரும் படுக்கையறை ஏர்கானும் பக்கத்துப் பக்கத்தில்.]

குரல்: சரி, குற்றவாளி யார்? ஏர்ஃபிரையர் 1,500 வாட். இருபது நிமிடம் ஓடினால் அரை யூனிட், 14 காசு. ஏர்கான் இரவு முழுக்கச் சராசரியாக 800 வாட் இழுத்தால், எட்டு மணி நேரத்துக்கு 6.4 யூனிட், வரிக்கு முன் 1 வெள்ளி 79 காசு. முப்பது இரவுக்கு 53 வெள்ளி 76 காசு. அம்மா இதைக் கேட்டதும் அப்பா பக்கம் திரும்பினார். அப்பா தமிழ் முரசை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

[திரையில்: பில்லின் பட்டை வரைபடம். ஏப்ரல் பட்டை குட்டை, மே பட்டை நெட்டை. புள்ளிக்கோடு இரண்டையும் சமன் செய்கிறது.]

குரல்: பில்லில் இருக்கும் இந்த வரைபடத்தைப் பார்க்கும்போதும் இதே எச்சரிக்கை. ஒரு பட்டை உயர்ந்துவிட்டது என்று பதறாமல், முந்தைய பட்டையோடு சேர்த்துப் பாருங்கள். பக்கத்து வீடுகளோடு ஒப்பிடும்போது, உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே இரண்டு பேர் இருக்கலாம், இங்கே ஆறு பேர்.

[காட்சி: தாழ்வாரத்து மீட்டர் பெட்டி. அம்மா கைப்பேசியோடு நிற்கிறார்.]

குரல்: உத்தேசக் கணக்கு வேண்டாம் என்றால் மீட்டரை நீங்களே பார்த்து எஸ்பி செயலியில் அளவை அனுப்பலாம். அம்மா ஜூன் மாதத்துக்கு அனுப்பிவிட்டார். ஏர்ஃபிரையர் அடுப்படிக்குத் திரும்பிவிட்டது. ஏர்கான் ரிமோட் இப்போது அம்மாவின் தலையணைக்கு அடியில்.