தொழில்முறை வளர்ச்சித் திட்டம்: 2025 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 29 வரை

பி.எட். இரண்டாம் ஆண்டு, பள்ளிப் பயிற்சி. ஏழாம் வகுப்பு ஆ பிரிவு, கணக்கு, 34 மாணவர்கள்.

டீச்சர் சொன்னது

ஜூலை 24 அன்று முழுக்களின் கழித்தல் பாடத்தை வழிகாட்டி டீச்சர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். அவர் குறிப்பேட்டில் எழுதித் தந்தது: "கேள்வி கேட்ட கையோடு நீங்களே பதிலையும் சொல்லிவிடுகிறீர்கள். பதில் சொல்கிறவர்களும் முதல் இரண்டு பெஞ்சுப் பிள்ளைகள்தான். பலகையைப் பார்த்தே பேசுகிறீர்கள். மணி அடித்த பிறகு வீட்டுக்கணக்கு கொடுக்கிறீர்கள். யாருக்குப் புரிந்தது என்று எப்படித் தெரியும்?"

நான்கையும் ஒரே மாதத்தில் திருத்த முடியாது. முதல் இரண்டும் உண்மையில் ஒன்றுதான்: யோசிக்க நேரம் கிடைக்காவிட்டால் வேகமான பிள்ளைகளே பதில் சொல்வார்கள். எனவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

இலக்கு 1: காத்திருப்பது

கேள்வி கேட்டபின் குறைந்தது 3 விநாடி பேசாமல் நிற்பேன். மேரி பட் ரோவின் வகுப்பறை ஆய்வுகளில், ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். 3 விநாடிக்கு நீட்டியபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

பாடக்குறிப்பில் ஒவ்வொரு பாடவேளைக்கும் நான்கு முக்கியக் கேள்விகளை முன்பே எழுதிக்கொள்வேன். உதாரணம்: "(−5) − (−3) = −8 என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கே தவறினார்?" இதற்கு யோசிக்காமல் பதில் வராது. முதலில் நோட்டில் எழுதட்டும், அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் பேசட்டும், கடைசியில்தான் கை தூக்க வேண்டும்.

ஆகஸ்ட் 8: நான்கில் இரண்டு கேள்விகளுக்காவது காத்திருந்திருக்க வேண்டும். ஆகஸ்ட் 22: நான்கிலும்.

இலக்கு 2: பின்வரிசைக் குரல்

இருக்கை வரைபடத்தில், பதில் சொன்னவர் பெயருக்கு எதிரே டீச்சர் ஒரு கோடு போடுவார். ஆகஸ்ட் 14க்குள் ஒரு பாடவேளையில் 10 பேர், அதில் 4 பேர் கடைசி இரண்டு வரிசையிலிருந்து. பெயர் சொல்லி அழைப்பதற்கு முன் நோட்டைப் பார்த்துவிடுவேன். தயாராக இல்லாத பிள்ளையை எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைக்க மாட்டேன், எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை.

இலக்கு 3: கடைசி 5 நிமிடம்

ஆகஸ்ட் 18 முதல், செவ்வாய், வியாழன் மட்டும். அரைத்தாளில் ஒரே கணக்கு. சரி, குறியில் தவறு, வழியே தெரியவில்லை என்று மூன்றாகப் பிரித்து, மறுநாள் அந்த மூன்றாம் கூட்டத்தோடு பாடத்தைத் தொடங்குவேன். தினமும் செய்தால் 34 தாளையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது.

பலகைப் பழக்கத்தைக் காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

டீச்சரிடம் கேட்பது

வாரம் ஒரு முறை, பாடவேளையின் நடுவில் 15 நிமிடம் பார்த்தால் போதும். மற்ற வேலை வந்துவிட்டால், அன்று மட்டும் சக பயிற்சி ஆசிரியை வரைபடத்தில் குறிப்பார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி மாலை: ஐந்து வாரக் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு டீச்சரோடு பேசுவது. இலக்கு 2 எட்டப்படாவிட்டால் செப்டம்பரில் புதிதாக எதையும் சேர்க்காமல் அதையே தொடர்வேன்.