ரவுட்டரின் லாகின் விவரம் தராமல் சென்றது குறித்த புகார்

அனுப்புநர்:
ரா. வேலுச்சாமி,
விளாங்குடி, மதுரை.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர்,
இணையச் சேவைப் பிரிவு, மதுரை.

நாள்: 24.10.2025

பொருள்: புதிய ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லைக் கேட்டுப் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டியதில் எங்கள் தெருவில் ஃபைபர் வயர் அறுந்தது. 14.10.2025 செவ்வாய்க்கிழமை வந்த தங்கள் டெக்னீஷியன் வயரை இணைத்து, ரவுட்டரும் பழுதென்று சொல்லி வேறொன்றை மாட்டினார். வாசற்படியில் நின்றபடியே தம் கைப்பேசியில் எல்லாவற்றையும் அமைத்து, "பழைய வைஃபை பேரும் பாஸ்வேர்டுமே போட்டுட்டேன் ஐயா, நீங்க எதையும் தொட வேண்டாம்" என்று கூறிச் சென்றார். வேலையைச் சுணங்காமல் முடித்துக் கொடுத்தார். அதில் எனக்குக் குறையில்லை.

ஆனால் அந்தப் பழைய கடவுச்சொல், செப்டம்பர் கடைசியில் மாடியைக் காலி செய்துபோன குடித்தனக்காரருக்கும் அவர் வீட்டுக்கு வந்துபோன பலருக்கும் தெரியும். அதை மாற்றுவதற்காக, தீபாவளிக்கு வந்திருந்த என் மகன் 192.168.1.1 என்ற முகவரியில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் அச்சிட்டிருந்த பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் அடித்துப் பார்த்தும் அது ஏற்கவில்லை. அச்சிட்ட கடவுச்சொல்லை யாரோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது என்னவென்று வீட்டில் இருக்கும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அந்தப் பக்கத்துக்குள் நுழையக்கூடியவர் வைஃபை கடவுச்சொல்லைப் பார்க்கலாம், டிஎன்எஸ் முகவரியை மாற்றி எங்களைப் போலித் தளங்களுக்குத் திருப்பிவிடவும் முயலலாம். என் ஓய்வூதிய வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், மருமகள் இரவில் அலுவலக வேலை செய்வதும் இந்த இணைப்பில்தான்.

22 ஆம் தேதி தங்கள் சேவை மையத்துக்குப் பேசியபோது, ரீசெட் பொத்தானை அழுத்திக்கொள்ளுமாறு சொன்னார்கள். அழுத்தினால், ரவுட்டர் தங்கள் இணையச் சேவைக்குள் நுழையப் பயன்படுத்தும் பிபிபிஓஇ பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சேர்ந்தே அழிந்து இணைப்பு நின்றுவிடும். அந்த விவரத்தையும் டெக்னீஷியன் எங்களிடம் தரவில்லை. ஆள் அனுப்ப 350 ரூபாய் ஆகும் என்றார்கள். தங்கள் ஊழியர் விட்டுச்சென்ற குறையைச் சரிசெய்ய நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? புகார் எண் கேட்டதற்கு, "இதெல்லாம் புகாரில் வராது" என்று இணைப்பைத் துண்டித்தார்கள்.

ஆகவே, மூன்று நாட்களுக்குள் கட்டணமின்றி ஒருவரை அனுப்பி, என் முன்னிலையில் ரவுட்டரை ரீசெட் செய்து, புதிய நிர்வாகக் கடவுச்சொல்லை நானே அமைக்கும்படி செய்து, பிபிபிஓஇ விவரத்தையும் எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நிறுவனம் தொலைவிலிருந்து ரவுட்டருக்குள் நுழையும் வசதி வைத்திருந்தால், அதை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் தெரிவிக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் புகாராகப் பதிந்து அதன் எண்ணையும் அனுப்புங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், டிராயின் 2012 ஆம் ஆண்டு குறைதீர்ப்பு ஒழுங்குமுறைப்படி தங்கள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்வேன்.

ரவுட்டரின் அடிச்சீட்டைப் படமெடுத்து இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ரா. வேலுச்சாமி