நினைவூட்டல் பணி 23 இரவுகள் வெறுமையாக ஓடியது: மீளாய்வு

நிலை: சரிசெய்யப்பட்டது. விடுபட்டவை அனுப்பப்பட்டுவிட்டன. இரண்டு வேலைகள் பாக்கி.

யார் தவறு என்று தேட இதை எழுதவில்லை. இதில் வரும் ஒவ்வொருவரும் அன்று கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துச் சரியான முடிவைத்தான் எடுத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் மூன்று வாரம் யாருக்கும் தெரியாமல் போனது எப்படி என்பதுதான் கேள்வி.

என்ன நடந்தது

பராமரிப்புத் தேதி நெருங்கும் கருவிகளின் பட்டியல் தினமும் இரவு ஒரு சிஎஸ்வி ஃபைலாக மூல அமைப்பிலிருந்து நமக்கு வருகிறது. 2 மணிக்கு நம் பணி அதைப் படித்து, `DUE` என்று குறித்த வரிகளுக்கு நினைவூட்டல் அனுப்பும். வழக்கமாக ஓர் இரவுக்கு 30 முதல் 45 வரை போகும். மார்ச் 4 முதல் மார்ச் 26 வரை ஒன்றுகூடப் போகவில்லை. அந்த 23 இரவுகளில் 3 ஞாயிறுகள். ஞாயிறன்று தலைப்பு வரி மட்டும்தான் வரும், அது இயல்பு. மீதி 20 இரவுகளில் 793 நினைவூட்டல்கள் விடுபட்டன. அவற்றில் 118 பேருக்குத் தேதியே கடந்துவிட்டது. நம் மேல் நம்பிக்கை வைத்து நாட்காட்டியில் குறிக்காமல் விட்டவர்கள் அவர்கள். இந்தச் சம்பவத்தின் உண்மையான பாதிப்பு அதுதான்.

எப்படித் தெரிந்தது

மார்ச் 27 காலை ஒரு வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு ஃபோன் செய்து, "எப்பவும் வர்ற நினைவூட்டல் இந்தத் தடவை வரலையே" என்று கேட்டார். அதுவரை டாஷ்போர்டு முழுக்கப் பச்சைதான். லாகில் இப்படி இருந்தது:

```
read=3184 matched=0 written=0 status=OK
```

3184 வரிகளைப் படித்திருக்கிறது, ஒன்றுகூடப் பொருந்தவில்லை, ஆனாலும் `OK`. அன்று பணியில் இருந்த பொறியாளர் ஃபைலை ஸ்பிரெட்ஷீட்டில் திறந்து பார்த்தார். எல்லாம் சரியாகவே தெரிந்தது. `DUE` வரிகளும் இருந்தன. சுமார் ஒரு மணி நேரம் கழித்துத் தலைப்புகளை நிரல் வழியே அச்சிட்டபோதுதான் பிடிபட்டது:

```
['\ufeffstatus', 'asset_id', 'due_date']
```

காரணம்

ஸ்பிரெட்ஷீட்டில் திறக்கும்போது ஆங்கிலம் அல்லாத பெயர்கள் சிதைந்து தெரிகின்றன என்று மூல அமைப்பின் பயனர்கள் நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். அதைத் தீர்க்க ஃபைலின் தொடக்கத்தில் பைட் ஆர்டர் மார்க் சேர்க்கப்பட்டது. மூன்றே பைட்டுகள், ஸ்பிரெட்ஷீட்டில் கண்ணுக்குத் தெரியாது. நியாயமான மாற்றம்தான், முன்கூட்டியே அறிவிக்கவும் செய்தார்கள். ஆனால் அந்த அறிவிப்பு போன குழு முகவரியில் இப்போது நம் பக்கத்து ஆட்கள் யாரும் இல்லை.

நம் நிரல் ஃபைலைச் சாதாரண யூடிஎஃப்-8 ஆகப் படித்ததால் அந்தக் குறி முதல் நெடுவரிசையின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அப்புறம் இந்த வரி:

```python
if row.get("status") == "DUE":
```

`status` என்ற பெயரே இல்லாததால் `get` சத்தமில்லாமல் `None` தந்தது. `row["status"]` என்று இருந்திருந்தால் முதல் இரவே பணி பிழையோடு நின்றிருக்கும்.

ஏன் இத்தனை நாள்

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். `written=0` என்றால் ஒலிக்கும் அலர்ட் முன்பு இருந்தது. ஞாயிறுதோறும் வீணாக எழுப்புகிறது என்று அதை நிறுத்திவிட்டோம். விவாதித்து எடுத்த முடிவு. அன்று அதில் யாருக்கும் மறுப்பு இல்லை. ஆனால் ஃபைலே காலியாக வருவதும், நிறைந்து வந்த ஃபைலிலிருந்து ஒன்றும் எடுக்காமல் போவதும் வேறுவேறு. அந்த வித்தியாசம் லாகில் இருந்தது, அலர்ட்டில் இல்லை.

செய்தவை

ஃபைலைத் திறக்கும் விதம் மாறியது. குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது படிக்கும்:

```python
open(path, newline="", encoding="utf-8-sig")
```

எதிர்பார்க்கும் மூன்று தலைப்புகளில் ஒன்று இல்லாவிட்டாலும் பணி இனி தோல்வி என்று நிற்கும். `read` பூஜ்யத்துக்கு மேல் இருந்து `matched` பூஜ்யமானால் அலர்ட் ஒலிக்கும். ஞாயிறு அல்லாத நாளில் `read` பூஜ்யமானாலும் அப்படியே. பழைய 20 ஃபைல்களையும் இதில் ஓட்டிப் பார்த்தோம், சரியாகப் படிக்கிறது.

மூல ஃபைல்கள் 30 நாள் வைக்கப்படுவதால் 793-ஐயும் மார்ச் 28 அன்று அனுப்ப முடிந்தது. தேதி கடந்த 118 பேரையும் சேவைப் பிரிவினர் ஒவ்வொருவராக ஃபோனில் அழைத்துப் பேசினார்கள். அது இரண்டு நாள் வேலை, அவர்களுக்கு நன்றி.

பாக்கி

எக்ஸ்போர்ட் வடிவம் மாறுவதற்கு முன் ஒரு மாதிரி ஃபைல் நம் சோதனைச் சூழலுக்கு வர வேண்டும் என்று மூல அமைப்புக் குழுவிடம் கேட்டிருக்கிறோம். ஒப்புக்கொண்டார்கள், ஏப்ரல் 11-க்குள் தரவுக் குழு அதை அமைக்கும். இதே `get` முறையில் எழுதிய இன்னும் நான்கு இரவுப் பணிகள் இருக்கின்றன. அவற்றை ஏப்ரல் 18-க்குள் பார்த்து முடிக்க வேண்டும், சம்பளக் கணக்குக்குத் தரவு தரும் பணியிலிருந்து தொடங்கி.